வவுச்சர் இல்லாத வாக்கியங்கள்

சென்ற மாதம் தருமபுரியில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் நண்பர் ஒருவர் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ பற்றிக் கட்டுரை வாசித்தார். அகலிகை இராமனை நேருக்கு நேர் நிறுத்தி நியாயம் கேட்ட கணத்தில்தான் நவீனத் தமிழ்ப் பெண் பிறந்தாள் என்பது அவருடைய மையமான வாதம். எட்டுப் பேர் இருந்தோம். ஏழு பேர் தலையசைத்தார்கள். கதையில் அப்படி ஒரு கணமே இல்லை என்று நான் சொன்னேன். நண்பர் சற்றும் கூசவில்லை. கதையைப் படித்துப் பத்து வருஷமாயிற்று, சாட்பாட்டிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கி அதை வைத்தே எழுதினேன், கருத்துதானே முக்கியம் என்றார். கூடவே ஆசிரியனின் மரணத்தைத் துணைக்கு அழைத்தார். 1967இல் ரோலண்ட் பார்த் எழுதியது 2020களில் இப்படி ஒரு சோம்பலுக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படும் என்று பார்த்தே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஒரு பிரதிக்குப் பல அர்த்தங்கள் உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு பிரதியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதும் அதற்கு என்ன அர்த்தம் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குப் பக்கத்தைத் திறந்தால் பதில் இருக்கிறது. அதைத் திறக்காதவன் இரண்டாவது கேள்வியைப் பற்றி வாய் திறப்பது அபத்தம்.

நண்பரிடமிருந்து அந்தச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கினேன். ஐந்து வாக்கியங்கள்: “இராமனின் பாதம் பட்டதும் கல்லாயிருந்த அகலிகை உயிர் பெறுகிறாள். கோதமனும் அவளும் புதுவாழ்வு தொடங்கினாலும் பழைய நினைவு அவளை வாட்டுகிறது. சீதை தீக்குளித்ததைக் கேட்டுக் கோபமுற்ற அகலிகை இராமனிடமே நியாயம் கேட்கிறாள். இதனால் சபிக்கப்பட்டு மீண்டும் கல்லாகிறாள். பெண்ணின் எதிர்ப்புக் குரலைத் தமிழில் முதன்முதலாக ஒலித்த கதை இது.”

சரளமான தமிழ். பிழை எங்கே என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. நான் பார்ப்பது குமாஸ்தா உத்தியோகம். கவுன்டரில் எவ்வளவு கம்பீரமாக ஒரு என்ட்ரி நின்றாலும் அதற்கு வவுச்சர் எங்கே என்றுதான் மறுநாள் காலையில் கேட்பார்கள். அந்தப் புத்தியைத்தான் இங்கேயும் பிரயோகித்தேன். வேறு வித்தை எதுவும் இதில் இல்லை.

முதலில் வாக்கியங்களைக் கூறு போட வேண்டும். ஒரு வாக்கியத்துக்குள் மூன்று நான்கு கூற்றுகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வரும். மூன்று உண்மையானால் நான்காவதும் உண்மை என்று வாசகமனம் கையெழுத்துப் போட்டுவிடும். பொய் வண்டியேறுவது இப்படித்தான். ‘அவள்’, ‘இதனால்’ போன்ற சொற்களைப் பெயராகவும் சம்பவமாகவும் விரித்து, ஒவ்வொரு கூற்றும் தனியே நிற்கும்படி எழுதினேன். ஐந்து வாக்கியங்களிலிருந்து பதினான்கு கூற்றுகள் கிடைத்தன. பிறகு கதையைத் திறந்து, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே அதைத் தாங்கும் வரி இருக்கும் பத்தியின் எண்ணை எழுதினேன். இருந்தால் இருக்கிறது. எதிராக இருந்தால் முரண். இரண்டுமில்லையென்றால் மூலத்தில் இல்லை. மூன்றே குறிகள். ‘ஏறக்குறைய இருக்கிறது’ என்ற நான்காவது குறியை அனுமதிக்கவில்லை. அனுமதித்தால் எல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

எட்டுக் கூற்றுகள் தேறின. மிச்சம் ஆறு.

‘பாதம் பட்டதும்’ என்பதைப் பாருங்கள். கதையில் இராமலட்சுமணர் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடும் சிறுவர்கள். அந்த ஓட்டத்தில் கிளம்பிய புழுதி சிலைமேல் படிகிறது. பாதம் படவில்லை. பாதம் பட்டது என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. ஊரறிந்த உண்மை, ஆனால் இந்தப் பிரதியின் உண்மை அல்ல. இயந்திரம் தான் விழுங்கிய நூறு இராமாயணங்களிலிருந்து அதைக் கொண்டுவந்து இந்த இடத்தில் வைத்துவிட்டது. இந்த வகைதான் மிகவும் ஏமாற்றும். பொய்யைத் தேடுகிறவன் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டான், ஏனென்றால் உலக வழக்கில் இது பொய்யே அல்ல. கூற்று உண்மையா என்று கேட்காமல், இது இந்தக் காகிதத்தில் இருக்கிறதா என்று கேட்டால்தான் சிக்கும். இத்தனைக்கும் புதுமைப்பித்தன் மாற்றிய இடம் இது. மாற்றிய இடத்தை வழக்கத்துக்கே திரும்ப மாற்றிவிடும் சுருக்கம், ஒரு படைப்பாளிக்குச் செய்யக்கூடிய துரோகங்களில் சாமர்த்தியமானது.

அடுத்தது நண்பரின் கட்டுரையே நின்ற தூண்: ‘இராமனிடமே நியாயம் கேட்கிறாள்.’ கதையில் தீக்குளித்ததைச் சொல்வது சீதை. அதிர்ந்து விசாரிப்பதும் சீதையிடம். தனக்கு ஒரு நீதி, இராமனுக்கு வேறு நீதியா என்ற கொதிப்பு அகலிகையின் உள்ளுக்குள்ளேயே நடக்கிறது. இராமன் காதில் அது விழுவதே இல்லை. கோபம் மூலத்தில் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, இராமன் இருக்கிறான். மூன்றையும் ஒட்டி மூலத்தில் இல்லாத நான்காவது ஒன்று செய்யப்பட்டிருக்கிறது. யார், யாரிடம், வாய்விட்டா மனதுக்குள்ளா என்பதைத் தனித்தனியே கேட்காமல் போனால் இது தப்பிவிடும். அகலிகை கேட்க முடியாமற் போனதுதான் கதை. கேட்டுவிட்டாள் என்றால் அவள் கல்லாக வேண்டிய அவசியமென்ன?

‘சபிக்கப்பட்டு’ என்பதற்கும் வவுச்சர் இல்லை. இரண்டாம் முறை எவரும் சபிப்பதில்லை. முன்பு ஒரு சாபம் இருந்ததால் பின்பும் ஒன்று இருந்திருக்கும் என்பது இயந்திரத்தின் யூகம். ‘இதனால்’ என்ற அப்பாவிச் சொல்லும் ஒரு கூற்றுதான் என்பதைக் கவனியுங்கள்: கேட்டாள், ஆகவே தண்டிக்கப்பட்டாள் என்று ஒரு காரண காரியத்தையே அது சிருஷ்டித்துவிடுகிறது. சுருக்கங்களில் ‘இதனால்’, ‘ஆகவே’ வரும் இடங்களை நான் இப்போது சிவப்பு மையால் சுழித்துவிடுகிறேன். ‘முதன்முதலாக’ என்பதும் அப்படியே. 1943இல் ‘கலைமகள்’ இதழில் வந்த ஒரு கதை, தானே முதல் என்று தனக்குள் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அது வேறெங்கோ சரியாகவே இருந்தாலும் இந்தக் கதையின் சுருக்கத்தில் அதற்கு இடமில்லை.

இயந்திரம் ஏன் இப்படிச் செய்கிறது? கெட்ட எண்ணம் என்று ஒன்றும் அதற்குக் கிடையாது. அது அடுத்து வரத்தக்க சொல்லைத் தேடுகிறது. அகலிகை, கல், இராமன் என்றால் அடுத்து வரத்தக்கது பாதம்தான். சுருக்கம் கற்றுக்கொடுத்த பழைய பாடங்களிலேயே ஒரு கோளாறும் இருந்தது. பிபிசி செய்திகளின் முதல் வாக்கியத்தைப் பிரித்தெடுத்து, அதையே மீதிச் செய்தியின் சுருக்கம் என்று வைத்து ஒரு பெரிய பயிற்சித் தொகுப்பைத் தயாரித்திருந்தார்கள். முதல் வாக்கியத்தில் இருக்கும் பெயரும் வயதும் மீதியில் இல்லாமற் போகலாம் அல்லவா? மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதே சுருக்கம் என்று பாடமாயிற்று. 2020இல் ஜோஷுவா மேனஸ் என்பவரும் சகாக்களும் அந்தத் தொகுப்பில் பழகிய இயந்திரங்களைச் சோதித்தபோது, ஒற்றை வாக்கியச் சுருக்கங்களில் 70 சதத்துக்கும் மேல் மூலத்தில் இல்லாத ஏதாவது இருந்தது. பிறகு வந்த இயந்திரங்கள் எவ்வளவோ தேறியவை. ஆயினும் 2025 பிப்ரவரியில் பிபிசி நான்கு சாட்பாட்களைச் சோதித்தபோது, தன் கட்டுரைகளிலிருந்து எடுத்ததாக அவை காட்டிய மேற்கோள்களில் 13 சதம் திரிக்கப்பட்டவை அல்லது கட்டுரையிலேயே இல்லாதவை.

அதனால்தான், ஆதார வரியையும் அந்த இயந்திரத்திடமே கேட்டுவிடலாமே என்ற குறுக்குவழியை நான் ஒப்புவதில்லை. கேட்டால் தரும், அழகாகத் தரும். கள்ள வவுச்சர் அடிப்பவனிடமே வவுச்சர் கேட்ட கதை. கேட்டே ஆகவேண்டுமென்றால், தந்த வரியை மூலக் கோப்பில் தேடிப் பார்க்க வேண்டும். இதில் நம் மொழிக்கு ஒரு தொல்லை உண்டு. வேற்றுமையும் புணர்ச்சியும் சொல்லின் வாலை மாற்றிவிடும், ‘இராமன்’ ஒரு பதிப்பில் ‘ராமன்’ ஆவான். சொல்லின் வேர்ப்பகுதியை மட்டும் போட்டுத் தேடுவது உத்தமம். பழைய எழுத்துருவில் அச்சான கோப்பில் தேடல் எதையுமே காட்டாது. காட்டவில்லை என்பதற்காக ‘மூலத்தில் இல்லை’ என்று குறித்துவிடக் கூடாது. கண்ணால் படித்தாக வேண்டும். எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கதையை ஒருமுறை முழுதாகப் படிக்கும் நேரத்தைவிட அதிகந்தான்.

இது இலக்கியப் பூசல் மட்டுமல்ல. செயலற்ற கணக்குகள் பற்றி ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 1 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின் சுருக்கம் ஒன்று என் கைக்கும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் வரவு செலவு செய்யாத கணக்கு செயலற்றதாகும், ‘வட்டியும் நின்றுவிடும்’ என்றிருந்தது. முதல் பாதி மூலத்தில் இருக்கிறது. இரண்டாவது பாதி முரண்: கணக்கு செயலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேமிப்புக்கு வட்டியைத் தவறாமல் வரவு வைக்க வேண்டும் என்பதுதான் சுற்றறிக்கை. தொப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், “ஏங்க சார், ரெண்டு வருசமா வரலீங்க, வட்டி நின்னுபோச்சுங்களா?” என்று கேட்டபோது, “ஆமாம்மா” என்ற சொல் என் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. நண்பரைத் திட்டும் யோக்கியதை எனக்கு அவ்வளவுதான்.

இந்தச் சோதனை பிடிக்காத ஒன்றும் உண்டு: விட்டுப்போனது. கைகேயியும் அகலிகையும் சந்திப்பதும், இருவரும் பேசுவதும் அந்தச் சுருக்கத்தில் இல்லை. இருப்பதை மூலத்தோடு ஒப்பிடுகிற முறை இல்லாததைக் காட்டாது. அதற்கு மறுதிசையில் வரவேண்டும். மூலத்தின் ஒவ்வொரு பத்தியிலிருந்தும் சுருக்கத்தை நோக்கி. அதைச் செய்கிறவனுக்குச் சுருக்கமே தேவைப்படாது.

மிச்சமிருப்பது ‘எதிர்ப்புக் குரல்’. அது கதையிலும் இல்லை, கதைக்கு முரணும் அல்ல. ஒரு வாசகனின் தீர்ப்பு. அதை நண்பர் தன் பெயரில் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன், விவாதத்துக்குப் போயிருப்பேன். கல்லாவது எதிர்ப்பா, தோல்வியா, விடுதலையா என்று இரவு முழுக்கப் பேசியிருக்கலாம்.

பதினான்கு கூற்றுகளையும் குறிகளோடு நல்லம்பள்ளியிலிருந்து தபாலில் அனுப்பினேன். கட்டுரை ஏற்கெனவே ஒரு தொகுப்புக்குப் போய்விட்டது, இரண்டாம் பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. தமிழில் விமர்சனத் தொகுப்பு எதற்கு இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.