நேரம் கொடுப்பதும் ஒரு வாக்குறுதியே

எங்கள் சகோதரியின் மகன் வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையில் வசிக்கிறான். பாகூர் கொம்யூனிலுள்ள ஒரு மருந்து ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறான். வாரந்தோறும் ஷிப்ட் மாறும் வேலை அது. துபாயில் உள்ள ஒரு நிறுவனத்திற்கு ஆள் எடுப்பதாகச் சென்னையிலிருந்து ஓர் ஆள்சேர்ப்பாளர் 2025 ஜூலையில் அவனைத் தொடர்பு கொண்டார். "நேர்காணலுக்கு உங்களுக்கு எப்போது வசதிப்படும்?" என்று அவர் கேட்டார். "எப்போது வேண்டுமானாலும் வருகிறேன், இன்ஷா அல்லாஹ்" என்று இவன் எழுதிவிட்டான்.

பணிவாகத் தோன்றிய அந்த மறுமொழியே முதல் வாய்ப்பைப் பறித்தது. ஜூலை 17, வியாழக்கிழமை 11 மணி என்று மறுநாள் செய்தி வந்தது. அந்த வாரம் அவனுக்குக் காலை ஷிப்ட். மேற்பார்வையாளரிடம் அரைமணி நேர அனுமதி பெற்று, பெட்டகத்தில் வைத்திருந்த தொலைபேசியை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்குப் பின்புறம் காத்து நின்றான். எவரும் அழைக்கவில்லை. 11.30க்குத் தொலைபேசியை மீண்டும் பெட்டகத்தில் வைத்துவிட்டு உள்ளே சென்றான். 12.30க்கு அழைப்பு வந்திருக்கிறது. 11 மணி என்று அவர்கள் குறித்தது துபாய் நேரம். அது நம் நேரத்திற்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. மாலையில் அவன் பார்த்தபோது, எடுக்கப்படாத அழைப்புகள் மூன்றும், "விண்ணப்பதாரர் வரவில்லை" என்ற குறிப்பும் இருந்தன.

அவனைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. நம் குடும்பங்களில் பிள்ளைகள் பலரும் இவ்வாறே எழுதுகிறார்கள். வேலை கேட்பவன் நிபந்தனை சொல்லலாகாது என்று நாமே அவர்களைப் பழக்கியிருக்கிறோம். ஆனால், முழுநேர வேலையில் இருப்பவன் "எப்போதும் வருவேன்" என்று சொல்வது உண்மையன்று. இன்ஷா அல்லாஹ் என்று சேர்த்துச் சொல்வதால், ஷிப்ட் அட்டவணையைப் பார்க்கும் கடமையிலிருந்து நாம் விடுபட்டுவிடுவதில்லை. ஆள்சேர்ப்பாளரிடம் நேரம் கொடுப்பது ஒரு வாக்குறுதி. காப்பாற்ற இயலும் நேரத்தை மட்டுமே கொடுக்க வேண்டும். இதுவே எங்கள் கருத்து.

நடந்ததை விளக்கி அவன் மன்னிப்புக் கோரி எழுதினான். ஆள்சேர்ப்பாளர் நல்ல மனிதர். "அடுத்த மூன்று வாரங்களில் உங்களுக்கு இயலும் நேரங்களை அனுப்புங்கள்" என்று இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். மூன்று வாரம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இத்தகைய தேர்வு ஒரே அமர்வில் முடிவதில்லை. முதலில் 20 நிமிடத் தொலைபேசி உரையாடல், பிறகு முக்கால் மணி நேரத் தொழில்நுட்ப நேர்காணல், இறுதியில் மேலாளருடன் ஒரு சந்திப்பு என்று படிப்படியாக நடக்கும். நேர்காணல் செய்யும் இருவருக்கும் நம்மவருக்கும் பொதுவான நேரம் கிடைத்தாக வேண்டும். ஆகையால் ஒரே ஒரு நேரத்தைக் கொடுத்தால் அது பெரும்பாலும் பொருந்தாது. வாரத்திற்கு இரண்டு மூன்று நாள்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் என்று கொடுத்தால், அவர்கள் தங்களுக்கு ஏற்ற முக்கால் மணி நேரத்தை அதனுள் தேர்ந்துகொள்வார்கள். அதற்கு மேல் கொடுத்தால், அத்தனை நேரத்தையும் வேறு எதற்கும் விடாமல் காத்து வைத்திருக்க நம்மால் இயலாது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று நாங்கள் அவனுடன் அமர்ந்து, ஷிப்ட் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு கணக்கிட்டோம்.

முதல் வாரம், ஆகஸ்ட் 4 முதல் 9 வரை, காலை 6 முதல் பிற்பகல் 2 வரை வேலை. ஆலைப் பேருந்து அவனை 3.15க்கு வீட்டருகே இறக்கிவிடும். குளித்து, உண்டு, ஒரு மூச்சு விட்ட பின் 4 முதல் 6 வரை என்று வைத்தோம். துபாயில் அது 2.30 முதல் 4.30 வரை; அவர்களுடைய அலுவலக நேரம். ஆறு மணிக்கு முடித்தால் மஃரிபுக்கும் இடையூறு இல்லை.

இரண்டாம் வாரம் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை வேலை. பகல் ஒரு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். ஆகவே காலை 10 முதல் 12 வரை. துபாயில் அது 8.30 முதல் 10.30 வரை.

மூன்றாம் வாரம் இரவு ஷிப்ட். காலை 7 மணிக்கு வீடு திரும்புவான். "பகல் முழுவதும் சும்மாதானே இருக்கிறேன் மாமா, பத்து மணி என்று போடலாமே" என்றான். நாங்கள் மறுத்தோம். விழித்திருக்க முடிவது வேறு, கேட்ட கேள்விக்குத் தெளிவாக விடை சொல்ல முடிவது வேறு. இரவெல்லாம் நின்று வேலை செய்தவன் முதலில் உறங்க வேண்டும். எனவே அந்த வாரத்திற்கும் மாலை 4 முதல் 6 வரை என்றே எழுதினோம். ஆயினும், மூன்றாம் வார அட்டவணையை ஆலை முந்தைய சனிக்கிழமைதான் உறுதி செய்யும். அதனால், முதல் இரண்டு வாரத்திற்கு "உறுதி" என்றும், மூன்றாவதற்கு "ஆகஸ்ட் 16 மாலை உறுதி செய்வேன்" என்றும் தனித்தனியே குறித்தோம். தொலைவிலுள்ள வாரத்தையும் அருகிலுள்ள வாரத்தையும் ஒரே உறுதியுடன் சொல்வதால்தான் பல வாக்குகள் தவறிப்போகின்றன.

அடுத்து நாள்காட்டி. இங்கேதான் மூன்று ஊர்களின் வழக்கம் ஒன்றோடொன்று மோதுகிறது. துபாயில் 2022 முதல் சனியும் ஞாயிறும் வார விடுமுறை. நம்மவர் பலர் இன்னும் பழைய வழக்கத்தை நினைத்துக்கொண்டு, வெள்ளி அங்கே விடுமுறை, ஞாயிறு வேலைநாள் என்று எழுதிவிடுகிறார்கள். சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஆகஸ்ட் 16 புதுச்சேரிக்கு விடுமுறை நாள். 1962இல் இப்பகுதி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள் அது. நவம்பர் 1உம் அவ்வாறே, நம் விடுதலை நாள். சென்னையிலுள்ள ஆள்சேர்ப்பாளருக்கு இவை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை; நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்த மூன்று வாரத்தில் மிகச் சிறந்த நேரம் ஆகஸ்ட் 15 வெள்ளி காலையே என்று கண்டோம். அன்று ஆலை விடுமுறை, துபாயில் வேலைநாள். விடுப்பு எடுக்காமலேயே நீண்ட நேர்காணலுக்கு உட்காரலாம். ஆனால் ஜும்ஆவைக் கணக்கில் கொள்ள வேண்டும். இங்கே ஜும்ஆவுக்காக 12 மணிக்கே எழுந்தாக வேண்டும். அங்கே அவ்வாண்டு ஜும்ஆ 1.15க்கு, நம் நேரத்தில் 2.45. நாம் பள்ளியிலிருந்து திரும்பும்போது அவர்கள் புறப்பட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பின் எதையும் கொடுக்காமல், காலை 10 முதல் 12 வரை என்று மட்டும் எழுதினோம். சென்னை அலுவலகத்திற்கும் அன்று விடுமுறை என்பதால், அந்த நேரத்தை எடுப்பதானால் வியாழனுக்குள் உறுதி செய்துவிட வேண்டும் என்றும் சேர்த்தோம்.

அவன் அனுப்பிய ஆங்கில மடலின் பொருள் இது:

"கீழ்க்காணும் நேரங்கள் அனைத்தும் இந்திய நேரம், அடைப்புக்குறிக்குள் துபாய் நேரம்.
ஆகஸ்ட் 5 செவ்வாய், 7 வியாழன்: மாலை 4–6 (2.30–4.30). உறுதி.
ஆகஸ்ட் 12 செவ்வாய், 15 வெள்ளி: காலை 10–12 (8.30–10.30). உறுதி. 15ஆம் தேதி வேண்டுமெனில் 14 மாலைக்குள் தெரிவிக்கவும்.
ஆகஸ்ட் 19 செவ்வாய், 21 வியாழன்: மாலை 4–6 (2.30–4.30). 16 மாலை உறுதி செய்வேன்.
ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும். பணியிடத்தில் தொலைபேசி வைத்திருக்க அனுமதி இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஷிப்ட் முடிந்ததும் மறுமொழி தருவேன். நான் இப்போது பணிபுரியும் நிறுவனத்தைத் தொடர்பு கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

இறுதி வரியை அவன் எழுதத் தயங்கினான். நாங்கள் வற்புறுத்தினோம். வெளியே வேலை தேடுவது ஆலைக்குத் தெரிந்தால், துபாய் வேலை கிடைக்கும் முன்னரே இங்குள்ள வேலைக்கு இடையூறு நேரலாம். அவனுடைய ஊதியத்தில்தான் வீட்டு வாடகையும் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் நடக்கின்றன. அதே காரணத்தால், ஆலையின் மின்னஞ்சலையோ கணினியையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொன்னோம்.

விடுப்பைப் பற்றியும் ஒரு சொல். காய்ச்சல் என்றும் உறவினர் மௌத்து என்றும் பொய் சொல்லி விடுப்பு எடுத்து நேர்காணலுக்குச் செல்வது இன்று வழக்கமாகிவிட்டது. அது ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடும் வழியில் முதல் அடியையே பிழையாக வைப்பதாகும். அவ்வாண்டு அவனிடம் மிச்சமிருந்த விடுப்பு இரண்டு நாள். இறுதிச் சந்திப்புக்குச் சென்னைக்கு நேரில் அழைத்தால் போக வர ஒரு நாள் முழுவதும் போய்விடும். அதற்கென ஒரு நாளை ஒதுக்கி வைத்தோம். மற்றவை அனைத்தும் ஷிப்டுக்கு வெளியே. காரணம் கேட்டால் "சொந்த வேலை" என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட.

பட்டியலை அனுப்பியதோடு வேலை முடியவில்லை. அதன் படி ஒன்றைச் சகோதரி சமையலறைச் சுவரில் ஒட்டினார். அந்த நேரங்களில் அவனைக் கடைக்கு அனுப்புவதில்லை, விருந்தினரை அழைப்பதில்லை என்று வீட்டார் முடிவு செய்தனர். மின்துறையின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் நாளிதழில் பார்த்துக்கொண்டனர்.

இரண்டாம் வாரத்தில் வேறொரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்பாளரும் அவனிடம் நேரம் கேட்டார். 12ஆம் தேதியை இவருக்கும் கொடுத்துவிடலாமா என்று அவன் எண்ணினான். ஒரே நேரத்தை இருவருக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஒருவர் அதை எடுத்துக்கொண்டதும் மற்றவருக்கு அன்றே "இந்நேரம் இனி இல்லை" என்று எழுதாமல் விடுவதுதான் தவறு. அவன் அவ்வாறே எழுதினான்.

தொலைபேசி உரையாடல் ஆகஸ்ட் 7 அன்று நடந்தது. தொழில்நுட்ப நேர்காணல் 15 வெள்ளி 10.30க்கு நடந்து, ஜும்ஆவுக்கு முன்பே முடிந்தது. 16ஆம் தேதி ஆலை அட்டவணை மாறி, மூன்றாம் வாரமும் பிற்பகல் ஷிப்ட் என்றானது. அன்று மாலையே மாலை நேரங்களை நீக்கி, காலை 10 முதல் 12 வரை என்று மாற்றி எழுதினான். முன்பே "உறுதி செய்வேன்" என்று சொல்லியிருந்ததால், அது வாக்கு மாறியதாகாமல் வாக்கைக் காத்ததாக ஆயிற்று. மேலாளருடன் சந்திப்பு 21 காலை நடந்தது.

அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. வளைகுடா அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். நேரத்தை ஒழுங்காகக் கொடுப்பது தகுதிக்கு மாற்றாகாது. ஆனால் மூன்று சுற்றும் முடித்தும் அவன் ஒரு ஷிப்டையும் தவறவிடவில்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒதுக்கி வைத்த விடுப்பும் அப்படியே இருந்தது. இரண்டு மாதம் கழித்து அதே ஆள்சேர்ப்பாளர் வேறொரு வேலைக்காக அவனுக்கு எழுதினார். "வரும் மூன்று வாரத்திற்கு உங்கள் நேரங்களை முன்பு போலவே அனுப்புங்கள்" என்பதே அம்மடலின் முதல் வரி. அவன் ஷிப்ட் அட்டவணையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிற்கு வந்தான். முதல் வேலையாக, நவம்பர் 1ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டோம்.