உரிமை இருந்தும் காகிதம் இல்லாதவர்கள்

பிரிட்டனில் கடையோ உணவகமோ நடத்தும் ஒருவர், வேலை செய்ய அனுமதி இல்லாத ஆளைச் சேர்த்துக்கொண்டால், முதல் முறை பிடிபடும்போதே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் கட்ட நேரும். மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் பிடிபட்டால் அது 60,000 வரை போகும். 2024 பிப்ரவரி 13 முதல் இதுதான் கணக்கு. அதற்கு முந்தைய நாள்வரை அது 15,000, 20,000 என்று இருந்தது. ஒரு சிறு கடையை ஒரே நோட்டீஸில் மூடவைக்கப் போதுமான தொகை இது. ஆனால் வேலை செய்ய முழு உரிமை உள்ள ஒருவரை, ‘உங்கள் காகிதம் போதாது’ என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினால் எந்த அதிகாரியும் வாசலுக்கு வருவதில்லை. இந்த இரண்டு தவறுகளுக்கும் சட்டம் வைத்திருக்கும் விலை வேறு வேறு. கடந்த கால் நூற்றாண்டில் நடந்த பல அநீதிகளின் வேர் அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

ஆளைச் சேர்ப்பவர் காகிதம் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் அந்த நாட்டில் பழையதல்ல. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, காமன்வெல்த் நாட்டவர் பிரிட்டனுக்கு வந்து வாழவும் வேலை பார்க்கவும் தடை இருக்கவில்லை. ஜமைக்காவிலிருந்து பேருந்து ஓட்ட வந்தவர்களும், இலங்கையிலிருந்து படிக்கவும் மருத்துவம் பார்க்கவும் வந்த தமிழர்களும் அந்தக் கதவு வழியாகவே வந்தார்கள். 1962-இல் வந்த சட்டம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது. 1971-இல் இயற்றப்பட்டு 1973 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. அன்றைக்கு அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு மட்டும், காலவரம்பின்றித் தங்கும் உரிமையை அதே சட்டம் தந்தது.

உரிமை தரப்பட்டது; அதற்கு ஒரு சான்று தரப்படவில்லை. யாரும் விண்ணப்பிக்கவும் தேவைப்படவில்லை. அன்று அது குறையாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேரும்போது அதை யாரும் கேட்கவில்லை. விசா நிபந்தனையை மீறி உழைப்பவர் தண்டனைக்குரியவர். அவரை வேலைக்கு வைத்தவருக்கென்று தனிக் குற்றம் எதுவும் இருக்கவில்லை.

அதை மாற்றியது 1996-ஆம் ஆண்டின் புகலிட, குடியேற்றச் சட்டம். ஜான் மேஜர் அரசில் மைக்கேல் ஹோவர்ட் உள்துறை அமைச்சராக இருந்தபோது வந்தது. அதன் 8-ஆம் பிரிவு 1997 ஜனவரி 27-இல் நடைமுறைக்கு வந்ததும், அனுமதியற்றவரை வேலைக்கு வைப்பது முதன்முறையாகக் குற்றமாயிற்று. ஆளுக்கு 5,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் அன்று சோதனை இலகுவானது. தேசியக் காப்பீட்டு எண் அச்சிட்ட பழைய வேலையின் பி45 தாளைக் காட்டினால்கூடப் போதும்; அதை நகலெடுத்து வைத்துக்கொண்ட முதலாளி தப்பித்துவிடலாம். அரசோ ஒவ்வொரு வழக்கையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. வழக்குகள் சொற்பமே நடந்தன.

உண்மையான திருப்பம் 2008 பிப்ரவரி 29-இல் வந்தது. 2006-இல் இயற்றிய சட்டத்தின் 15-ஆம் பிரிவு அன்று முதல் அபராதத்தைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து எடுத்து, உள்துறையின், லண்டன் தமிழர் சொல்வதுபோல ஹோம் ஆபீஸின், கையில் கொடுத்தது. அதிகாரியே நோட்டீஸ் அனுப்பலாம். அது தவறு என்றால் 28 நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டியவர் முதலாளி. நிரூபிக்கும் சுமை இப்படித் தோள் மாறியது. அன்று 10,000 பவுண்டாக இருந்த உச்சத் தொகை 2014-இல் 20,000 ஆனது. தெரிந்தே, அல்லது சந்தேகிக்கப் போதிய காரணம் இருந்தும் வேலைக்கு வைத்தால் ஐந்தாண்டுவரை சிறை என்று 2016-இன் சட்டம் கடுமையாக்கியது.

இந்தச் சட்டத்தின் நடுவே இருப்பது ஒரு பாதுகாப்பு. குறித்த முறைப்படி சோதித்து நகல் வைத்திருக்கும் முதலாளிக்கு, பின்னர் அந்த ஆளுக்கு அனுமதி இல்லை என்று தெரியவந்தாலும், அபராதம் இல்லை. ஆக, சட்டம் கேட்பது உண்மையை அல்ல. முறையாகச் செய்த சோதனையின் பதிவை.

ஒரு கற்பனையான கடையை வைத்துப் பார்ப்போம். கிழக்கு லண்டனில் ஒரு மளிகைக் கடைக்கு, மாணவர் விசாவில் உள்ள ஓர் இளைஞர் வேலை கேட்டு வருகிறார். அவர் தன் கைபேசியில் தன் விசாப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார். கடைக்காரர் பார்த்துத் தலையாட்டி, மறுநாளே கல்லாவில் உட்காரவைக்கிறார். இது சோதனையே அல்ல; நிஜமான விசாவாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் கடைக்காரர் பாதுகாப்பின்றி நிற்கிறார். அவர் செய்திருக்க வேண்டியது வேறு. இளைஞர் அரசுத் தளத்தில் எடுத்துத் தரும் ஒன்பது எழுத்து ஷேர் கோடையும் பிறந்த தேதியையும் வாங்கி, முதலாளிகளுக்கென்று உள்ள பக்கத்தில் தானே உள்ளிட வேண்டும். வேலைக்கான கோடு W என்று தொடங்கும். 90 நாள் செல்லும். திரையில் வரும் படமும் எதிரே நிற்பவரும் ஒருவரே என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தைச் சோதித்த தேதியோடு சேமித்து, அவர் வேலையில் உள்ள காலமும் அதற்கு மேல் இரண்டு ஆண்டும் வைத்திருக்க வேண்டும். இத்தனையும் முதல் நாள் வேலைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அவர் மாணவர் என்பதால் கல்லூரியின் பருவத் தேதிகளையும் வாங்கி வைக்க வேண்டும். பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவக் காலத்தில் பொதுவாக வாரம் 20 மணி நேரமே அனுமதி. கிறிஸ்துமஸ் நெருங்கும் வாரத்தில் ஆள் போதாமல் 26 மணி நேரம் நிறுத்தினால், செல்லுபடியாகும் விசா உள்ளவரே அந்த வாரத்தில் அனுமதியின்றி வேலை செய்தவராகிறார். சோதனையாளர்கள் சம்பளப் பட்டியலையும் பணிநேரப் பட்டியலையும் ஒப்பிட்டால் இது வெளிவந்துவிடும்.

பிடிபட்டால் கணக்கு இப்படி ஓடும். தொடக்கம் 45,000. சந்தேகம் வந்ததும் முதலாளியே ஹோம் ஆபீஸுக்குத் தெரிவித்திருந்தால் 5,000 குறையும். விசாரணைக்கு முழுமையாக ஒத்துழைத்தால் இன்னொரு 5,000. மிச்சம் 35,000. முதல் தவறுக்கு உரிய கெடுவுக்குள் விரைந்து கட்டினால் அதிலும் 30 விழுக்காடு தள்ளுபடி, ஆக 24,500. ஒரு குடும்பம் மட்டும் நின்று நடத்தும் கடைக்கு இதுவே ஆண்டு முழுவதன் லாபமாக இருக்கலாம்.

இவ்வளவு பயத்தை ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் தராசு எப்பக்கம் சாயும் என்று யாரும் ஊகிக்கலாம். முதலாளி சந்தேகம் வந்தாலே மறுப்பார். 1973-இல் உரிமையோடு சான்றின்றி விடப்பட்டவர்கள்மேல்தான் அந்த மறுப்பு முதலில் விழுந்தது. 2012-இல் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே, சட்டவிரோதக் குடியேறிகளுக்குப் பகைமையான சூழலை உருவாக்குவதாக அறிவித்தார். 2014, 2016 சட்டங்கள் காகிதச் சோதனையை வேலையிடத்திலிருந்து வாடகை வீட்டுக்கும் வங்கிக்கும் கொண்டுபோயின. அதற்கு முன் 2010-இலேயே, பழைய கப்பல் பயணிகளின் வருகை அட்டைகளை ஹோம் ஆபீஸ் அழித்திருந்தது. சிறு வயதில் பெற்றோருடன் வந்து, நாற்பது ஐம்பது ஆண்டு உழைத்து வரி கட்டியவர்கள் வேலை இழந்தார்கள். சிலர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018 ஏப்ரலில் பிரதமராக இருந்த மே மன்னிப்புக் கேட்டார். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். இந்த அநீதியை ஆராய்ந்த வெண்டி வில்லியம்ஸின் அறிக்கை 2020 மார்ச்சில் வெளியானபோது, இது முன்கூட்டியே காணக்கூடியதாகவும் தவிர்க்கக்கூடியதாகவும் இருந்தது என்று பதிவுசெய்தது.

அந்த ஆண்டுகளில் வந்த ஒரு தீர்ப்பைக் கடை நடத்தும் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். சிறுவயதிலேயே ஜமைக்காவிலிருந்து வந்து, பிரிட்டனில் வாழும் உரிமை பெற்றிருந்த ஒரு லண்டன் பேருந்து ஓட்டுநர், ஆவணம் காட்ட முடியாததால் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2017-இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதன் சாரம் இது: 15-ஆம் பிரிவு குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்களைப் பற்றியது; அந்த ஓட்டுநர் அதற்கு உட்பட்டவரே அல்லர்; ஆவணம் வாங்குவது முதலாளிக்குப் பாதுகாப்புத் தருமே தவிர, வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வேலையை விட்டு நீக்கச் சட்டம் தன்னைக் கட்டாயப்படுத்தியதாக நம்பும் முதலாளி பெரும்பாலும் தன் பயத்தைத்தான் சட்டம் என்று படிக்கிறார்.

இதில் நம்மவர்களுக்கு நெருக்கமான ஒரு தொடர்ச்சி உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாகப் போய், நிரந்தர வதிவிட உரிமை பெற்ற இலங்கைத் தமிழர் சிலரிடம் அந்த முத்திரை பழைய பயண ஆவணத்தில் இருக்கிறது. உரிமை காலாவதியாகவில்லை, அதைத் தாங்கும் புத்தகம் காலாவதியாகிவிட்டது. பிரிட்டிஷ் குடிமகனின் காலாவதியான பாஸ்போர்ட்டைச் சோதனைக்கு ஏற்கும் விதி, பழைய ஆவணத்தில் உள்ள இந்த முத்திரையை ஏற்பதில்லை. இப்போது வதிவிட அட்டைகளும் போய், 2024 முடிவோடு பெரும்பாலும் மின்விசாவாகிவிட்டது. கணக்குத் திறக்கத் தெரியாத அறுபது வயதுக்காரர், தன் இளமையில் பெற்ற உரிமையைத் திரையில் காட்ட முடியாமல் நிற்கிறார். எதிரே மேசையில் இருந்து காகிதம் கேட்பவரும் பல நேரம் அதே வழியில் வந்த தமிழர்தான்.

அந்த முதலாளிக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆளின் விசா நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலோ, அவர் 1988-க்கு முன் வந்து குடியிருப்பவராக இருந்தாலோ, ஹோம் ஆபீஸின் முதலாளிகள் சரிபார்ப்புச் சேவையிடம் கேட்கலாம். உரிமை உண்டு என்று அது எழுத்தில் உறுதி தந்தால், முதலாளிக்கு ஆறு மாதப் பாதுகாப்பு. விசா முடியும் நாளுக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவரின் உரிமை, முடிவு வரும்வரை தொடர்கிறது. ஏற்கெனவே வேலையில் உள்ளவர் அப்படி விண்ணப்பித்தார் என்று நியாயமாக நம்பினால், இதைக் கேட்டறிய முதலாளிக்கு 28 நாள் அவகாசமும் உண்டு. விசாவின் தேதி முடிந்த மறுநாளே ஆளை அனுப்பிவிடுவது பாதுகாப்பும் அல்ல, சட்டமும் அல்ல. ஒரு நாட்டவரிடம் மட்டும் காகிதம் கேட்டு மற்றவரை விடுவது 2010 சமத்துவச் சட்டத்தின்படி பாகுபாடு. எல்லோரிடமும் ஒரே முறையில் கேட்பதே சரி.

ஆனால் பாகுபாட்டுக்கு உள்ளானவர் தானே மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு நடக்க வேண்டும். அபராதமோ தபாலில் வருகிறது. 2025 மார்ச்சில், ஒருவரின் செயலிக் கணக்கில் மற்றொருவர் ஓட்டும் உணவு விநியோகத் தொழிலுக்கும் ஒப்பந்த வேலைகளுக்கும் இதே சோதனையை விரிப்பதாக அரசு அறிவித்தது. இரவல் கணக்கில் இரவெல்லாம் ஓட்டவைத்துச் சம்பளத்தைச் சுரண்டுவோரை அது தடுக்குமானால் நல்லது. ஆனால் வலை விரியும்போது, அதில் தவறிச் சிக்குவோரின் எண்ணிக்கையும் விரியும்.

முதலாளியை எல்லைக் காவலராக்கும் அரசுக்கு இரண்டு கடன்கள் உண்டு. தான் தந்த உரிமைக்கு, விண்ணப்பமும் கட்டணமும் கேட்காமல், தானே சான்று தருவது ஒன்று. தவறாக வேலைக்கு வைத்ததற்கு எவ்வளவு விழிப்போடு அபராதம் போடுகிறதோ, தவறாக மறுத்ததையும் அதே விழிப்போடு தேடிச் சென்று தண்டிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் செய்யாமல் தொகையை மட்டும் மும்மடங்காக்கினால், 1973-இல் வைத்த பொறிக்குள் அடுத்த தலைமுறையும் விழும்.