மரத்தடியில் தொடங்குகிறது தரம்



விருதுநகர் மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்கள் சிவகாசிப் பட்டாசைச் சொல்வார்கள், விருதுநகர் பருப்பு மண்டிகளைச் சொல்வார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைச் சொல்வார்கள். மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் மாந்தோப்புகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிவகாசியின் வறண்ட கரிசலைத் தாண்டி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் போனால் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கிளிமூக்கும் காய்த்துக் கிடக்கும். சித்திரை தொடங்கியதும் துரட்டியும் வலையும் கூடையுமாக அங்கே ஒரே பரபரப்பு.

அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “கூலி கொடுத்துத் தரம் பிரித்துக் கொண்டுபோகிறேன். மண்டியில் அதற்குத் தகுந்த விலை கிடைக்கவில்லையே, ஏன்?” நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடுவதற்காகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

பெரும்பாலான தோப்புகளில் தரம் பிரிப்பது என்றால், பறித்த காயையெல்லாம் ஓரிடத்தில் கொட்டிப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று மூன்று குவியலாக்குவதுதான். கண்ணுக்குத் தெரிவது அளவு, அதனால் அளவில் தொடங்குகிறோம். ஆனால் மண்டிக்காரரின் பயம் அளவைப் பற்றியது அல்ல. மூன்று நாள் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்பதுதான் அவர் பயம். அங்கே அவரை ஏமாற்றும் குறைகள் மூன்று: இளங்காய், விழுந்த காய், பால் பட்ட காய். பறித்த அன்று குவியலில் பார்த்தால் இந்த மூன்றும் நல்ல காயைப் போலவே இருக்கும்.

முதலில் இளங்காய். முற்றாத காயும் பச்சைதான், முற்றிய காயும் பச்சைதான். முற்றிய காயில் காம்பைச் சுற்றித் தோள் எழும்பியிருக்கும். காம்பு சற்றுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இளங்காயின் தோள் சரிந்து கிடக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு தொட்டித் தண்ணீர் போதும். காய் முற்ற முற்ற உள்ளே மாவுச்சத்து சேர்ந்து, அளவுக்கு எடை கூடிவிடும். அதனால் முற்றிய காய் தண்ணீரில் மூழ்கும், முற்றாதது மிதக்கும். எல்லாக் காயையும் தொட்டியில் போட வேண்டியதில்லை. ஒரு மரத்தில் பறிப்பைத் தொடங்குமுன் இருபது காயைப் பறித்துப் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் மிதந்தால் அந்த மரத்தை இன்னும் சில நாள் விட்டுவைக்கலாம். இரகத்துக்கு இரகம் இது கொஞ்சம் மாறும் என்பதால், மிதந்ததில் ஒன்றையும் மூழ்கியதில் ஒன்றையும் அறுத்துப் பார்த்துவிடுவது நல்லது. கொட்டை இறுகி, கொட்டையை ஒட்டிய சதை மஞ்சளாகத் தொடங்கியிருந்தால் அது முற்றிய காய்.

இளங்காய் ஒன்று பெட்டிக்குள் போனால் என்ன ஆகும்? மற்றவை பழுக்கும்போது அது தோல் சுருங்கி வெம்பிப் புளித்துக் கிடக்கும். கார்பைடுக் கல் வைத்து நிறத்தை வரவழைக்கலாம், இனிப்பை வரவழைக்க முடியாது. அந்தக் கல்லை வைத்துப் பழுக்கவைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகளும் தடை செய்திருக்கின்றன. ஆக, இளங்காயைக் குவியலில் தேடிப் பயனில்லை. அதைப் பறிக்காமல் இருப்பதுதான் தரம் பிரிப்பதன் முதல் படி.

இரண்டாவது, விழுந்த காய். கிளையை உலுக்கும்போதோ, வலையில் சிக்காமல் நழுவும்போதோ தரையில் விழுந்த காய்க்கு அன்றைக்கு மேலே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே சதை நசுங்கியிருக்கும். பழுக்கும்போது அந்த இடம் கறுத்துக் குழைந்து, அழுகல் அங்கிருந்தே தொடங்கும். ஒரு தோப்பில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம், விழுந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். “கூடையில சேர்ந்துட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுண்ணாச்சி. அதான் விழுந்ததும் உடனே அந்தச் சாக்குல போட்டுருவோம்” என்றார். மரத்தடியில் தனியாக ஒரு சாக்கு கிடந்தது. அதில் விழுவதெல்லாம் ஊறுகாய்க்கும் உள்ளூர் விற்பனைக்கும் போகும், பெட்டிக்குப் போகாது. தரம் பிரிக்கும் வேலையில் நான் கண்ட மிகச் சிறந்த கருவி அந்தச் சாக்குதான்.

மூன்றாவது, பால். காம்பை அடியோடு ஒடித்தால் பால் பீறிட்டுத் தோலில் வழியும். அந்தப் பாலுக்குத் தோலைச் சுடும் குணம் உண்டு. பட்ட இடம் உடனே ஒன்றும் காட்டாது. மறுநாள் பார்த்தால் காம்பிலிருந்து கீழ்நோக்கிப் பழுப்புக் கோடுகள் ஓடியிருக்கும், பழுக்கும்போது அவை கறுத்துவிடும். அதனால் காயை ஒரு சாண் காம்போடு பறித்து நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே காம்பை ஒரு சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, காம்பு கீழே பார்க்கும்படி கவிழ்த்துவைத்துப் பாலை வடியவிட வேண்டும். மண்ணில் கவிழ்க்கக் கூடாது, காம்பு வழியே அழுகல் நோய் ஏறும். கம்பி வலை அல்லது சுத்தமான சாக்குப் போதும். பால் வடிந்த காயை மறுநாள் காலையில் பிரித்தால், தப்பிய சூட்டுக் கோடுகளும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இந்த மூன்றையும் கடந்து வந்த காய்க்குத்தான் அளவும் தோலும் பார்த்துப் பிரிப்பதில் பொருள் இருக்கிறது. மாம்பழத்துக்கான சர்வதேசத் தரநெறியைக் கோடெக்ஸ் அமைப்பு 1993இல் வகுத்தது. அது எடையை வைத்து மூன்று அளவு சொல்கிறது: 200 முதல் 350 கிராம், 351 முதல் 550, 551 முதல் 800. தோலில் உள்ள குறைகளுக்கும் கணக்கு உண்டு. நடுத்தர அளவுக் காயில் உரசல், வெயில் சூடு, பால் கறை எல்லாம் சேர்ந்து 4 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் முதல் வகுப்பு, 6 வரை போனால் இரண்டாம் வகுப்பு. 4 சதுர சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் பரப்பு. தோப்பில் யாரும் அளவுகோல் வைத்துப் பார்க்கப் போவதில்லை, நாணயத்தை வைத்துப் பார்க்கலாம்.

எடைக்கும் எளிய வழி இருக்கிறது. மாங்காய் உருண்டை அல்ல, அதனால் வளையத்தில் நுழைத்து அளப்பது சரிப்படாது. தராசில் நிறுத்து 200, 350, 550 கிராம் இருக்கும் மூன்று காயை எடுத்து, மாதிரிக் காயாகப் பிரிப்பவர் முன்னால் வையுங்கள். கைக்கு எடை பழகிவிடும். மதியத்துக்கு மேல் கை அசந்து கணக்குத் தவறும். அப்போது பிரித்த குவியலிலிருந்து பத்துக் காயை மறுபடி நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் மண்டி விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஆயிரம் கிலோ காய். கலந்து விற்றால் கிலோ 25 ரூபாய், மொத்தம் 25,000. பிரித்தால் முதல் தரம் 350 கிலோ, 36 ரூபாய் வீதம் 12,600. இரண்டாம் தரம் 400 கிலோ, 26 ரூபாய் வீதம் 10,400. பொடி 180 கிலோ, 14 ரூபாய் வீதம் 2,520. கழிவு 70 கிலோ, 5 ரூபாய் வீதம் 350. கூட்டினால் 25,870. பிரித்த கூலி ஆயிரம் ரூபாயைக் கழித்தால் கையில் நிற்பது 24,870. பிரிக்காமல் விற்றதைவிட 130 ரூபாய் குறைவு! நம் வாசகர்களுக்கு நேர்ந்தது இதுதான். முதல் தரத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததைப் பொடியும் கழிவும் கூலியும் சேர்ந்து விழுங்கிவிட்டன.

இதே கணக்கில் முதல் தரத்தின் விலையை மட்டும் 42 ஆக மாற்றுங்கள். மொத்தம் 27,970. கூலி போக 26,970, ஆதாயம் 1,970 ரூபாய். அந்த ஆறு ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வரும்? பெரிய காயைப் பார்த்து யாரும் ஆறு ரூபாய் கூட்டித் தரமாட்டார்கள். பெட்டியில் உள்ள அத்தனையும் ஒரே நாளில், ஒரே மாதிரி பழுக்கும் என்ற நம்பிக்கைக்குத்தான் கூட்டித் தருவார்கள். அந்த நம்பிக்கை முன்சொன்ன மூன்று குறைகளையும் மரத்தடியிலேயே ஒதுக்குவதால் மட்டும் வரும். அளவை மட்டும் பார்த்துப் பிரித்தவருக்கு 36, பழுக்கும் காயாகவே பார்த்துப் பிரித்தவருக்கு 42.

அந்த நம்பிக்கையை ஒரே நாளில் கெடுக்கும் பழக்கமும் இருக்கிறது. மேல் வரிசையில் பொறுக்கிய காய், அடியில் பொடி. கோடெக்ஸ் நெறிகூட நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. முதல் வகுப்புப் பெட்டியில் பத்து சதவீதம் வரை தரம் தவறினால் பொறுத்துக்கொள்கிறது. மனிதக் கை பிரிக்கும்போது அவ்வளவு தவறத்தான் செய்யும். ஆனால் அது பெட்டி முழுக்கப் பரவி இருக்கும். அடியில் மட்டும் இருந்தால் அது வேண்டுமென்றே செய்தது என்று மண்டிக்காரருக்குத் தெரியாமல் போகாது. அடுத்த முறை உங்கள் பெட்டியை அவர் கவிழ்த்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். சிவகாசியில் அச்சடித்த அழகான அட்டைப்பெட்டியில் உங்கள் தோப்பின் பெயரைப் போட்டிருந்தால், அந்தக் கெட்ட பெயர் இன்னும் வேகமாகப் பரவும்.

தரம் பிரித்தலுக்கு எட்டாத இடங்களும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொட்டைக்குள் வண்டு இருக்கும் காய் வெளியே பழுதின்றி இருக்கும். அல்போன்சாவில் உள்சதை பஞ்சுபோலாவதையும் வெளியிலிருந்து காண முடியாது. பழ ஈ குத்திய இடம் ஊசிமுனைப் புள்ளிதான், பழகிய கண்ணுக்கே பாதி தப்பும். இவற்றுக்கெல்லாம் மருந்து தோப்புப் பராமரிப்பில்தான் இருக்கிறது. விழுந்த பழங்களை மரத்தடியில் விடாமல் பொறுக்கிப் புதைப்பதும், பொறி வைத்து ஈயைப் பிடிப்பதும் அடுத்த பருவத்தின் தரத்தை இப்போதே காக்கும்.

விற்கும் இடத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். உழவர் சந்தையில் வாங்குபவரே கையால் பொறுக்கி எடுக்கிறார். அங்கே அளவு பிரிக்கக் கூலி கொடுப்பதைவிட இளங்காயையும் விழுந்ததையும் ஒதுக்கினாலே போதும். தொலைவூருக்குப் பெட்டி அனுப்புபவர்தான் முழுதாகப் பிரிக்க வேண்டும். மண்டியில் முதல் தரத்துக்கும் கலப்புக்கும் இன்றைக்கு என்ன வித்தியாசம் என்று போனில் கேட்டுவிட்டுப் பிறகு ஆள் வையுங்கள். வித்தியாசம் குறைவாக இருக்கும் நாளில் மரத்தடி வேலையை மட்டும் செய்துவிட்டு, அளவு பிரிக்காமலே அனுப்பலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பருவத்தில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மண்டிச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் எத்தனை கிலோ எந்தத் தரம், எவ்வளவு கூலி, எவ்வளவு கழிவு என்று எழுதிவையுங்கள். பருவம் முடிந்ததும் அதை எங்களுக்கு அனுப்புங்கள். சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் கிளிமூக்குக்கும் பிரித்து விற்பது எந்த விலை வித்தியாசத்தில் கட்டுப்படியாகிறது என்று, நம் மாவட்டத்துச் சீட்டுகளை வைத்தே ஒரு கணக்குப் போட்டு இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்