பளபளக்கும் தகரம் குளிர்ச்சி தராது

கோழிக் கொட்டகைக்குப் புதுத் தகரம் போடும் பண்ணையாளர் பலர், "கண் கூசும்படி மின்னுகிறதே, வெயிலைத் திருப்பி அடித்துவிடும்" என்று நம்புகிறார்கள். சித்திரை பிறந்து, நண்பகலில் கோழிகள் வாயைத் திறந்து இறக்கையை விரித்து இளைக்கத் தொடங்கும்போதுதான் அந்த நம்பிக்கை தளர்கிறது. தவறு தகரத்தில் இல்லை. கணக்கில் பாதியை மட்டும் பார்த்ததே தவறு.

கூரைத் தகட்டின் சூட்டை வரவு செலவுக் கணக்காகப் பார்க்கலாம். வெயிலிலிருந்து தகடு வாங்கிக்கொள்ளும் வெப்பம் வரவு. அந்த வெப்பத்தைக் கதிராக ஆகாயத்தை நோக்கி வெளியே விடுவது செலவு. வரவைத் தீர்மானிப்பது நிறம். செலவைத் தீர்மானிப்பது மேற்பரப்பின் வெப்பம் உமிழும் திறன். மின்னும் உலோகம் வரவைக் குறைத்தாலும் செலவு செய்யத் தெரியாத கஞ்சன். வாங்கிய வெப்பத்தை அது எளிதில் விடாது. சுண்ணாம்பும் பெயிண்டும் எந்த நிறமானாலும் தாராளமாக உமிழும்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரையில் சுமார் 1000 வாட் வெப்பம் விழுகிறது. புதிய துத்தநாகத் தகரம் இதில் ஏறக்குறைய 400 வாட்டை வாங்கிக்கொள்ளும். அதன் உமிழும் திறனோ பத்தில் இரண்டு பங்குதான். சில ஆண்டுகள் மழையிலும் புழுதியிலும் கிடந்து மங்கிய தகரம் 700 வாட்டுக்கு மேல் வாங்கும். உமிழும் திறன் சற்றுத்தான் கூடியிருக்கும். நல்ல வெள்ளை பூசிய தகடு 250 வாட் அளவே வாங்கும். உமிழ்வதோ பத்தில் ஒன்பது பங்கு.

நாமக்கல் பக்கத்தில் 38 டிகிரி வெயிலடிக்கும் நாளில், மெல்லிய காற்று வீசுவதாக வைத்துக் கணக்கிட்டால், புதுத் தகரம் 60 டிகிரியை ஒட்டி நிற்கும். மங்கிய தகரம் 70 டிகிரியைத் தாண்டும். வெள்ளை பூசியது 45 டிகிரிக்கு அருகில் அடங்கிவிடும். சிவப்பு, கரும்பச்சை வண்ணத் தகடுகள் தாராளமாக உமிழ்ந்தாலும், வரவு மிகுதியால் வெள்ளையிடம் தோற்றுவிடும். வெள்ளி பெயிண்டு உமிழ்வதில் உலோகத்தின் குணத்தைப் பாதி வைத்திருப்பதால், அதற்குச் செலவிடும் பணத்தை வெள்ளைக்குச் செலவிடுவதே மேல்.

அடிப்புறத்துக்கு விதி தலைகீழ். அங்கே தகடு உமிழ்வது கோழியின் முதுகில்தான் விழும். ஆகவே தகரத்தின் அடிப்புறம் மின்னுவதே நல்லது. வெளிச்சத்துக்காக அடியிலும் பெயிண்டு அடிப்பவர் வெப்பத்துக்குக் கதவு திறந்துவிடுகிறார். ஒட்டடையும் தூசியும் படிந்தாலும் அதே கெடுதல்தான். மேலே வெள்ளை, கீழே மினுமினுப்பு: இதுவே சரியான கூரை.

சிமெண்ட் ஷீட்டிலும் ஓட்டிலும் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். வஜ்ஜிரம் கலந்து கோடைக்கு முன் இரண்டு பூச்சுப் பூசினால் போதும். மழைக்குப் பிறகு மீண்டும் பூச வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏற வேண்டும். துத்தநாகத் தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. சாதாரண எனாமல் பெயிண்டும் சில காலத்தில் துத்தநாகத்தோடு வினைபுரிந்து தோல் தோலாக உரியும். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, துத்தநாகத் தகரத்துக்கு உரிய பிரைமர் அடித்து, அதன்மேல் வெளிச்சுவருக்கான வெள்ளை அக்ரிலிக் பெயிண்டு அடிக்க வேண்டும்.

பலனைச் சோதிக்கக் கொட்டகையில் பாதிக்கு மட்டும் முதலில் பூசிப் பார்க்கலாம். வெறும் வெப்பமானியைத் தொங்கவிட்டால் இரு பாதியிலும் பெரிய வேறுபாடு தெரியாது. காற்று இரண்டு பக்கமும் கலந்துவிடும். வெப்பமானியின் குமிழைக் கறுப்புப் பூசிய சிறு தகர டப்பாவுக்குள் இருக்கும்படி வைத்து, கோழி நிற்கும் உயரத்தில் இரண்டு பாதியிலும் தொங்கவிட்டால், பிற்பகல் 2 மணிக்குக் கூரையிலிருந்து வரும் கதிர்ச் சூட்டின் வேறுபாடு புலப்படும்.

வெள்ளைக்கும் எல்லை உண்டு. காற்றே 42 டிகிரி என்றால் பூச்சு அதைக் குளிர்விக்காது. காற்றோட்டமும் தண்ணீரும்தான் காக்கும். புழுதி படிந்தால் வெள்ளையும் வரவைக் கூட்டிக்கொள்ளும். எனவே புதுக் கொட்டகை போடுபவர் மினுமினுப்பைப் பார்த்து மயங்காமல், மேற்புறம் எவ்வளவு வெள்ளையாக இருக்கும், எத்தனை கோடைக்கு அப்படியே நிற்கும் என்று கேட்டு வாங்க வேண்டும்.