கண்ணுக்கு எழுதியதும் காதுக்குச் சொல்வதும்

பருத்தி பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்குத் தொலைபேசி வழியே குரற்செய்தி அனுப்பும் வேலையைச் சென்ற பருவத்தில் நம் சங்கம் மேற்கொண்டது. அதில் நாம் முதலில் செய்த தவறுகளையும், அவற்றால் நாம் வந்தடைந்த அபிப்பிராயத்தையும் இங்கே எழுத விரும்புகிறோம். பிற சங்கங்களும் இவ்வேலையைத் தொடங்கிவரும் இக்காலத்தில், நம் அனுபவம் அவர்களுக்குப் பயன்படலாம்.

செய்திக்கு மூலமாக நம்மிடம் வந்தது, விரிவாக்க அலுவலர்களின் பயிற்சிக்கென்று தயாரிக்கப்பட்ட ஒரு பவர்பாயிண்ட் தொகுப்பு. பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பற்றியது அது. தொகுப்பில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது திரையில் காட்டி, பக்கத்தில் நின்று ஒருவர் விளக்குவதற்காக எழுதப்பட்டது. அதன் முக்கியமான பக்கம் ஏறக்குறைய இவ்வாறு இருந்தது: "பொருளாதாரச் சேத நிலை: இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றுக்கு ஓர் இரவில் 8 அந்துப்பூச்சிகள், தொடர்ந்து 3 இரவுகள், அல்லது 10 சதவீதம் ரோஜா வடிவப் பூக்கள், அல்லது 10 சதவீதம் பச்சைக் காய்களில் சேதம். பொறிகள் எக்டருக்கு 5." அதன் கீழே மருந்துகளின் பெயர்களும் அளவுகளும் அட்டவணையாக இருந்தன.

இதைச் சற்றே எளிமைப்படுத்தி, நல்ல குரலுடைய ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்தால் போதும் என்று நாம் எண்ணினோம். அவ்வாறே பதிவு செய்து, அனுப்புமுன் அங்கத்தினர் ஐவரை அழைத்துக் கேட்கச் செய்தோம். "புரிந்ததா?" என்று வினவியபோது ஐவரும் "புரிந்தது" என்றார்கள். அதோடு விட்டிருந்தால் நாமும் திருப்தியடைந்திருப்போம். நம் குமாஸ்தா ஒருவர், "நாளைக் காலையில் காட்டில் என்ன செய்வீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். ஐவரும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஒருவர் எட்டுக் காய்களைப் பறிப்பதாகச் சொன்னார். பூச்சிக்குச் சொன்ன எண் காய்க்குப் போய்விட்டது. மற்றொருவர் ஏக்கருக்கு ஐந்து பொறி வைப்பதாகச் சொன்னார். எக்டருக்கு 5 என்றால் ஏக்கருக்கு 2 தான். எக்டர் என்ற சொல் அவர் பேச்சில் இல்லாததால், காது அதை ஏக்கர் என்றே வாங்கிக்கொண்டது.

காகிதத்தில் உள்ளதைக் கண் திரும்பிப் போய்ப் பார்க்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் ஓர் அழைப்பில் ஒரே ஒரு காரியத்தைத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் முதல் முடிவு. தொகுப்பை மூன்றாகப் பிரித்தோம். விதைத்த 45-ஆம் நாள் பொறி வைப்பதற்கு ஒரு செய்தி. 70-ஆம் நாள் காயை வெட்டிப் பார்ப்பதற்கு ஒன்று. கடைசி எடுப்பு முடிந்ததும் மாரைப் பிடுங்கி அழிப்பதற்கு ஒன்று. எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், அவரவர் விதைத்த தேதியைச் சங்கப் பேரேட்டில் குறித்துக்கொண்டு, அந்தக் கணக்குப்படி அனுப்பினோம். நாற்பது நாள் பயிர் வைத்திருப்பவரிடம் காயை வெட்டச் சொன்னால், அடுத்த அழைப்பை அவர் எடுக்க மாட்டார்.

மூன்றில் கடினமானது இரண்டாவது செய்தி. ஏன் காயை வெட்ட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இப்புழு முட்டையிலிருந்து வந்தவுடன் இளங்காய்க்குள் நுழைந்துவிடுகிறது. நுழைந்த துவாரம் மூடிக்கொள்கிறது. உள்ளே விதையைத் தின்றுகொண்டிருக்க, வெளியே காய் பழுதற்றதாய்த் தோன்றும். காய் வெடித்துக் கறைபட்ட பஞ்சு தெரியும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நெசவாளர்களாகிய அங்கத்தினர்களும் இதை அறிந்திருப்பது நல்லது. புழு தின்ற காயின் பஞ்சு முதிராமல் போகிறது. முதிராத இழையில் நூல் வலுவாக வராது, சாயமும் சரியாக ஏறாது. துணியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் குறை சில வேளைகளில் இந்தக் காட்டிலிருந்தே தொடங்குகிறது.

நான்கு முறை திருத்தி நாங்கள் அனுப்பிய செய்தி இது:

"வணக்கமுங்க. நம்ம கூட்டுறவுச் சங்கத்துல இருந்து பேசுறோம். உங்க பருத்திக்கு இன்னிக்கு எழுபது நாளாச்சுங்க. காய்க்குள்ள புழு இருக்கான்னு பாக்க வேண்டிய நேரம் இது. வெளிய பாத்தா தெரியாதுங்க, வெட்டித்தான் பாக்கணும்.

நாளைக்குக் காலைல காட்டுக்குள்ள குறுக்கால நடந்து போங்க. வரப்பு ஓரத்துச் செடி வேண்டாம். இருபது செடில, ஒரு செடிக்கு ஒரு காய் பறிங்க. முத்துன காய் வேண்டாம். வெரல்ல அமுக்குனா லேசா அமுங்குற காயாப் பறிங்க. இருபதையும் வெட்டிப் பாருங்க. சின்னப் புழு வெள்ளையா இருக்கும், பெரிய புழு செவப்பா இருக்கும். ரெண்டும் ஒரே புழுதாங்க.

புழுவே இல்லைன்னாலும், ஒரே ஒரு காய்ல இருந்தாலும், மருந்து வேண்டாம். அடுத்த வாரம் மறுபடி பாருங்க. ரெண்டு காய்லயோ அதுக்கு மேலயோ இருந்துச்சுன்னா, அந்தக் காய ஒரு பைல போட்டு அன்னிக்கே சங்கத்துக்கு எடுத்துக்கிட்டு வாங்க.

மறுக்காச் சொல்றோமுங்க. இருபது செடி, இருபது காய். ரெண்டுல புழு இருந்தா சங்கத்துக்கு வாங்க. திரும்பக் கேக்கணும்னா ஒண்ணாம் நம்பரை அமுக்குங்க."

இதில் உள்ள பல வாக்கியங்கள் எங்கள் சாமர்த்தியத்தால் வந்தவை அல்ல. கேட்டவர்களின் தவறுகளால் வந்தவை. தொகுப்பில் "10 சதவீதம்" என்று இருந்ததை "இருபதுக்கு ரெண்டு" என்று மாற்றியது மட்டுமே நாங்களாகச் செய்தது. முதல் பதிவைக் கேட்ட ஒருவர், வரப்போரத்துச் செடி ஒன்றிலிருந்தே இருபது காய்களையும் பறித்து வந்தார். ஒரு செடியின் காய்கள் காட்டின் நிலையைச் சொல்லமாட்டா. அதனால் "ஒரு செடிக்கு ஒரு காய்" என்ற வாக்கியம் வந்தது. இரண்டாமவர் முற்றிக் கடினமான காய்களை வெட்டிவந்தார். அமுக்கிப் பார்க்கும் சோதனை அதனால் சேர்ந்தது. மூன்றாமவர் மூன்று காய்களில் புழுவைக் கண்டும், "சிவப்புப் புழு இல்லை, வெள்ளைப் புழுதான் இருக்கிறது" என்று பேசாமல் இருந்துவிட்டார். இளம்புழு வெண்மையாகத்தான் இருக்கும். வளர்ந்த பிறகே சிவப்பு ஏறும். புழுவின் பெயரே அவரை ஏமாற்றியது. அதனால் பெயரைச் செய்தியிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு நிறங்களையும் சொன்னோம்.

இனி, எங்களோடு பலர் மாறுபடும் விஷயத்துக்கு வருகிறோம். இச்செய்தியில் மருந்தின் பெயரும் அளவும் இல்லை. நிர்வாகக் குழுவிலேயே சிலர் இதை ஆட்சேபித்தார்கள். "புழு இருக்கிறது என்று சொல்லி, மருந்தைச் சொல்லாமல் விட்டால், அவர் நேரே கடைக்குப் போவார்; கடைக்காரர் விற்க விரும்பும் மருந்தை வாங்குவார். அதைவிட நாமே சொல்லிவிடலாமே" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆயினும் எங்கள் கருத்து வேறு. மருந்துகளின் பெயர்களில் பல ஒன்றுபோல் முடிகின்றன. தொலைபேசியில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். அளவோ, லிட்டருக்கு இவ்வளவு மில்லி என்பதும், ஏக்கருக்கு இவ்வளவு என்பதும் கலந்துவிடக் கூடியது. எக்டரை ஏக்கராகக் கேட்ட அதே காதுதான் இதையும் கேட்கப்போகிறது. பொறியில் நேர்ந்த தவறுக்கு மூன்று பொறி வீண். மருந்தில் நேர்ந்தால் அப்படியல்ல. 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்ததை இவ்விடத்தில் மறத்தல் ஆகாது. மேலும், தேவைக்கு முன்பே சில மருந்துகளை அடித்தால், புழுவைவிட வெள்ளை ஈ பெருகிப் பயிரைக் கெடுப்பதும் பருத்திக்காரர்கள் அறிந்ததே.

ஆகையால் குரல் செய்ய வேண்டிய வேலை, பார்க்கச் செய்வதும் எண்ணச் செய்வதும் அழைத்து வருவதுமே. மருந்தைக் காகிதம் சொல்லட்டும். காயோடு சங்கத்துக்கு வருபவரின் கையில், வேளாண்மை அலுவலர் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுக்கிறோம். அதில் ஒரே மருந்தின் பெயர், ஒரு தெளிப்பான் தொட்டிக்கு வேண்டிய அளவு, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பஞ்சு எடுக்கலாம் என்பவை மட்டும் இருக்கும். கடைக்கு அவர் அந்தச் சீட்டோடு போகிறார். கடைக்காரர் வேறொன்றைத் தந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குரலை யாரால் ஒப்பிட முடியும்?

இம்முறைக்குக் குறை இல்லை என்று சொல்லமாட்டோம். காயைக் கொண்டுவந்த நாளில் சங்கத்தில் ஆள் இல்லாவிட்டால் எல்லாம் வீணாகும். சென்ற பருவத்தில் அலுவலர் வராத ஒரு திங்கட்கிழமை, பையோடு வந்த இருவர் திரும்பிப் போய்க் கடையில் வாங்கிவிட்டார்கள். அந்தத் தவறு எங்களுடையது. ஆள் இருக்கும் கிழமைகளுக்கு முந்தின மாலையில் மட்டும் இச்செய்தியை அனுப்புவதென்று பின்னர் வைத்துக்கொண்டோம். இன்னொரு குறையும் உண்டு. தொலைபேசி பெரும்பாலும் வீட்டு ஆண்களிடமோ வெளியூர் போகும் மகனிடமோ இருக்கிறது. காயைக் கையால் தொடுபவர்களோ பஞ்செடுக்கும் பெண்கள். இரவு ஏழு மணிக்குமேல், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது அழைப்பதால் இது ஓரளவு குறைந்ததே தவிர, தீரவில்லை.

பிற சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. மேலே தந்த செய்தியை அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டாம். அது எங்கள் பக்கத்துப் பேச்சு. கரிசல் காட்டில் மானாவாரிப் பருத்தி போடுபவர்கள் தங்கள் ஊர்ச் சொல்லில், தங்கள் ஊர்க் குரலில் சொல்ல வேண்டும். மாறக்கூடாதவை மூன்றே: இருபது செடி, செடிக்கு ஒரு காய், இரண்டில் புழு. பதிவு செய்தபின் அங்கத்தினர் ஐவரைக் கேட்கச் செய்து, நாளைக் காலையில் என்ன செய்வார்கள் என்று வினவுங்கள். ஐவரும் ஒன்றையே சொல்லும் வரை அனுப்ப வேண்டாம். வரும் ஆவணியில் விதைப்புத் தொடங்குமுன், அங்கத்தினர்கள் தங்கள் விதைப்புத் தேதியையும், இரவில் வீட்டில் இருக்கும் தொலைபேசி எண்ணையும் சங்கத்தில் பதிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.