எபிரேயத்தின் மூன்று சிறு சொற்களும் தமிழும்

திருமறையின் முதல் வாக்கியம் எபிரேய மூலத்தில் ஏழே சொற்களால் ஆயது. அவ்வேழனுள் இரண்டிடத்து வருவது 'ஏத்' என்னும் ஒரே சொல். அது தனித்துப் பொருள் தாராது. செயப்படுபொருள் பின்னே வருகின்றது என்று அறிவிப்பதே அதன் தொழில். வேதவசனத்தில் ஒரு சொல்லையும் விடலாகாது என்று கருதும் பெரியோர் நம் சேலம் நாட்டுச் சபைகளிலும் உளர். இதற்குத் தமிழ் யாது என்று அவர் வினவுவாராயின், ஐ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபே என்று துணிந்து விடை கூறலாம்.

சொல்லுக்குச் சொல் வைத்தே தீரவேண்டும் என்றவர் பண்டும் இருந்தனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்த அக்கிலா என்பார், 'ஏத்' வந்த இடங்கள் பலவற்றில் 'உடன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பெய்தார். எபிரேயத்தில் 'உடன்' என்னும் பொருளுடைய வேறொரு சொல்லும் அதே வடிவினது என்பதே அதற்குக் காரணம். விளைந்ததோ கிரேக்கர் எவரும் பேசாத கிரேக்கம். ஜெரோம் ஞானியார் பின்னர் இதனை எள்ளி எழுதினார்.

ஐ உருபு 'ஏத்' என்பதற்கு ஒப்பாவது செயப்படுபொருளைக் காட்டும் அளவில் மட்டும் அன்று. எபிரேயர் எல்லாச் செயப்படுபொருளின் முன்னும் 'ஏத்' இடுவதில்லை. இன்னது என்று வரையறுக்கப்பட்ட பொருளின் முன்னரே இடுவர். நோவா திராட்சத் தோட்டம் நட்ட செய்தியில் 'ஏத்' இல்லை. ஆகாப் அரசன் நாபோத்தின் தோட்டத்தைக் கேட்ட இடத்தில் உண்டு. நம் உழவரும் 'கிணறு வெட்டினான்' என்பர். ஆனால் அக்கிணறு கைமாறும்போது 'கிணற்றை விற்றான்' என்பர். எந்த இலக்கணமும் கல்லாத நாமக்கல் குடியானவன் இவ்வேறுபாட்டில் தவறுவதில்லை. ஆகவே 'தோட்டம் நட்டான்', 'தோட்டத்தைக் கேட்டான்' என்று எழுதினால் எபிரேயத்தின் நுட்பம் ஒரு சொல்லும் மிகாமல் வந்துவிடுகின்றது.

இதற்கு எல்லையும் உண்டு. உயர்திணைக்கண் தமிழ் எப்பொழுதும் உருபை விரும்பும். 'ஏத்' இன்றி வரும் மனிதனையும் நாம் 'ஒரு மனிதனைக் கண்டான்' என்றே சொல்லவேண்டும். அங்கே வரையறை இன்மையைக் காட்டுவது 'ஒரு' என்பதேயாம். அன்றியும் எபிரேயச் செய்யுளில் 'ஏத்' அருகியே வரும். சங்கீதங்களில் அது இல்லாமையைக் கொண்டு பொருள் வரையறை இல்லாதது என்று முடிவு கட்டலாகாது.

அடுத்தது, பெயரின் முன் ஒட்டிவரும் 'ஹா'. இதற்குத் தோறும் 'அந்த' என்று எழுதுவாருடன் நான் உடன்படேன். நம் 'அந்த' சுட்டு. முன் சொன்னதையோ கண்முன் உள்ளதையோ காட்டும். 'ஹா' அவ்வளவில் நில்லாது. எபிரேயர் 'ஹாநாஹார்', அதாவது 'ஹா' சேர்ந்த 'நதி', என்று வாளா கூறிய பல இடங்களில் ஐபிராத்து நதியையே கருதினர். மோகனூரில் ஒருவர் 'ஆற்றுக்குப் போகிறேன்' என்றால் அது காவேரியே. எந்த ஆறு என்று கேட்பவன் அயலூரான். அவரே 'அந்த ஆற்றுக்கு' என்பாராயின் உள்ளூராரும் திகைப்பர். ஆனால் நம் சபையில் வசனம் கேட்போர் ஐபிராத்துக் கரையினர் அல்லரே! அவர்க்கு வெறும் 'நதி' போதாது. 'அந்த நதி' மயக்கும். ஆற்றின் பெயரையே வெளிப்பட எழுதுதல் தகும். இதனைக் கூட்டல் என்பாரும் உளர். மூலத்தார் கேட்டவுடன் அறிந்ததை நம்மவரும் அறியச் செய்வது கூட்டல் ஆகாது என்பேன்.

மூன்றாவது 'அஷேர்'. இதன் வேலையை நம் பெயரெச்சம் பெரும்பாலும் இனிது முடிக்கும். 'எவன் வந்தானோ அவன்' என்று நீட்டாது 'வந்தவன்' என்றாலே அமையும். ஆயினும் பெயரெச்சத்தில் வேற்றுமை உறவு மறையும். 'நீங்கள் வந்த தேசம்' என்றால் வந்து சேர்ந்த தேசமோ, புறப்பட்டு வந்த தேசமோ? எபிரேயத்தில் 'அஷேர்' தொடங்கிய தொடருக்குள் 'அங்கே', 'அங்கிருந்து' என்னும் சொற்கள் மீண்டும் வந்து இவ்வையத்தை நீக்கும். உபாகமம் 11-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனத்தில் இரண்டும் உள்ளன: இஸ்ரவேலர் செல்லும் கானானுக்கு 'அங்கே', நீங்கிய எகிப்துக்கு 'அங்கிருந்து'. இவற்றை அப்படியே பெயர்த்து 'நீங்கள் அங்கிருந்து வந்த எகிப்து' என்றால் தமிழ்ச் செவி ஏற்காது. 'எந்தத் தேசத்திலிருந்து வந்தீர்களோ அந்தத் தேசம்' என்பது இலக்கணத்திற்கு மாறன்று. எனினும் உரக்க வாசிக்கையில் கேட்போர் பாதி வழியில் நின்றுவிடுவர். 'நீங்கள் விட்டுவந்த எகிப்து', 'நீங்கள் போய்ச் சேரும் தேசம்' என வினையையே தெரிந்து வைத்தால், 'அங்கே', 'அங்கிருந்து' என்பவற்றின் பொருள் 'சேரும்', 'விட்டு' என்பவற்றுள் அடங்கிவிடும்.