கண்ட்ரெனை முதலில் மேசைக்குக் கூப்பிடுங்கோ

2014இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்’ தொடக்கப் பெட்டியோட முதல் சாகசத்தைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு. கண்ட்ரென் எண்ட குள்ளர் ஒரு வண்டிச் சாமானை ஃபண்டலின் ஊருக்குக் கொண்டுவரச் சொல்லி, ஆளுக்கு 10 பொற்காசு பேசிவிட்டு முன்னால் போய்விடுகிறார். வழியில் அம்பு தைத்த இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. ஒன்று அவருடையது. பக்கத்தில் வரைபடம் வைக்கும் தோல் உறை, வெறுமையாக. புதருக்குள் கோப்ளின்கள்.

தூண்டில் அருமைதான். ஆனால் கண்ட்ரென் முன்கதையில் வரும் பேர் மட்டும். முகமே காணாத ஆளை ஏன் தேடவேணும்? “சாமானைக் குடுத்திட்டுக் காசை வாங்குவம்” எண்டுதான் கனபேர் சொல்லுவினம்.

அதனால் ஆட்டத்தை நடத்துபவர், வண்டி புறப்பட முன்னர் பத்து நிமிசம் கண்ட்ரெனாகக் கதைக்கவேணும். எட்டுக் காசில் தொடங்கிப் பேரம் பேசட்டும். கதைக்கேக்க அடிக்கடி அந்தத் தோல் உறையைத் தடவட்டும். “உள்ளுக்கு என்ன?” எண்டு கேட்டால், “ஃபண்டலினில சொல்லுறன்” எண்டு சிரிக்கட்டும். இரகசியத்தை மட்டும் அங்கேயே கொட்டிவிடக் கூடாது.

பிறகு பாதையில் அதே உறை வெறுமையாகக் கிடக்கும்போது மேசையைக் கவனியுங்கோ. சண்டை முடிஞ்ச கையோட யாராவது “அந்தாள் எங்க?” எண்டு கேட்டால், கோப்ளின் குகைக்கு நீங்கள் வழிகாட்டத் தேவையில்லை.